"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார் பேராசிரியர்: பரிந்துரைக் கடிதத்துக்கு என்ன செய்வது?

நீரோட்டம்

வணக்கம். நான் சுற்றுச்சூழல் பொறியியல் இறுதியாண்டு மாணவி. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைத் திட்டத்தில் நீர்வளம் தொடர்பான ஒரு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்கள். இது கிடைக்காவிட்டால் மேற்படிப்புக்கு வீட்டில் வழியில்லை.

கடைசித் தேதிக்கு இன்னும் 37 நாட்கள் உள்ளன. இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்கிறார்கள். என் திட்டப்பணியை வழிநடத்தியவரிடம் கேட்டேன். "நேரமில்லை அம்மா, நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். நேற்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். "இவர் கடின உழைப்பாளி, நேர்மையானவர், எந்தப் பணியையும் சிறப்பாக முடிப்பவர்" என்பதைத் தாண்டி ஒரு வரியும் வரவில்லை.

கடிதத்தை நானே எழுதுவது சரியா? சரியென்றால் எப்படி எழுதுவது? இரண்டாவது கடிதத்துக்குத் துறைத் தலைவரைக் கேட்கலாமா? அவருக்கு என் பெயர் தெரியும், அவ்வளவுதான்.

முனைவன்77

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். எல்லோரும் செய்வதுதான். என் நண்பர்களில் பாதிப் பேர் தாங்களே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், இடமும் கிடைத்தது. முக்கியம் கையெழுத்துப் போடுபவரின் பதவி. துறைத் தலைவர் நல்லது, புலமுதல்வர் கிடைத்தால் இன்னும் நல்லது. உதவிப் பேராசிரியர் கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அகல்விளக்கு

கட்டுரையின் முதல் பத்தியில் உங்களுக்கு நீர் மீது ஆர்வம் எப்போது பிறந்தது என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குங்கள். பிறகு ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகங்கள் என்று வாருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

நீரோட்டம்

அகல்விளக்கு, நன்றி. நீங்கள் சொல்வது நோக்கக் கட்டுரையைப் பற்றி என்று நினைக்கிறேன். அதை முடித்துவிட்டேன். என் சிக்கல் பேராசிரியர் பெயரில் போகும் கடிதம்.

பழைய பேனா

பதினோரு ஆண்டுகள் முதுகலை உதவித்தொகைக் குழுக்களில் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். மாணவர்களுக்காகக் கடிதமும் நிறைய எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குழுவில் உட்காருபவர் ஒரு நாளில் பல கோப்புகளைப் படிக்கிறார். மதிப்பெண்கள் நெருக்கமாக இருக்கும், சான்றிதழ்கள் ஒன்றுபோல இருக்கும். நோக்கக் கட்டுரை விண்ணப்பிப்பவரே தன்னைப் பற்றிச் சொல்வது. அந்தக் கோப்பில் வேறொருவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லும் தாள் கடிதம் ஒன்றுதான். அதில் நாங்கள் தேடுவது, இவர் இந்த மாணவியை எவ்வளவு நாள், எந்த வேலையில் பார்த்தார், என்ன நடந்தது, தான் பார்த்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார் என்பவைதான். பல படிவங்களில் கடிதத்தோடு ஒரு கட்டமும் இருக்கும்: முதல் 5 சதவீதமா, முதல் 10 சதவீதமா என்று பரிந்துரைப்பவரே குறிக்க வேண்டும்.

முனைவன் சொன்னதில் ஒரு பாதி சரி. தன் துறையில் அறியப்பட்ட ஒருவர் ஒரு மாணவரை நன்றாக அறிந்து எழுதினால் அந்தக் கடிதம் கனமானது. ஆனால் பெரிய பதவியில் இருப்பவர் "இவர் எங்கள் துறையில் பயின்றார், ஒழுக்கம் நன்று" என்று நான்கு வரி எழுதினால், நெருங்கிப் பார்த்த ஒருவர்கூட இவருக்குக் கிடைக்கவில்லையா என்ற கேள்விதான் எழும். உங்களோடு ஆய்வகத்தில் நின்ற உதவிப் பேராசிரியரின் ஒன்றரைப் பக்கம் அதைவிட எவ்வளவோ மேல்.

இனி நீங்களே எழுதுவது பற்றி. வேண்டாம் என்கிறேன். பரிந்துரைப்பவர்தான் எழுதினார் என்று அவரையே உறுதியளிக்கச் சொல்லும் திட்டங்கள் உண்டு. அங்கே நீங்கள் எழுதியதில் அவர் கையெழுத்திட்டால் அவர் பொய் சொன்னவர் ஆவார், உங்கள் விண்ணப்பம் அதன் மேல் நிற்கும். அறம் ஒருபுறம் இருக்கட்டும், கடிதமும் மோசமாகத்தான் வரும். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது கூச்சம் தடுக்கிறது, கை பொதுச் சொற்களுக்குப் போய்விடுகிறது. நேற்று இரவு உங்களுக்கு நடந்தது அதுதான். இன்னொன்று, நோக்கக் கட்டுரையும் இரண்டு கடிதங்களும் ஒரே கையில் இருந்து வந்தால் ஒரே வாக்கிய ஓட்டம், ஒரே விருப்பச் சொற்கள், ஒரே பிழைகள் தெரியும். மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அது தெரியாமல் போகாது.

முனைவன்77

பேனா அம்மா, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நேரமில்லை என்று சொன்னவரிடம் போய் "நீங்களேதான் எழுத வேண்டும்" என்று ஒரு மாணவி சொல்ல முடியுமா? அவர் கோபித்துக்கொண்டால் இருக்கும் கடிதமும் போய்விடும்.

பழைய பேனா

நியாயமான அச்சம். அவருக்கு நேரமில்லை என்பது பல சமயங்களில், "உன்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தேடி எடுக்க எனக்கு நேரமில்லை" என்பதுதான். அந்தத் தேடலை நீங்கள் செய்து கொடுங்கள். கடிதத்தை எழுத வேண்டாம், கடிதத்துக்கான குறிப்புத் தாளை எழுதுங்கள். ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரை.

"ஐயா, திட்டத்தில் கடிதம் உங்கள் சொற்களில் இருக்க வேண்டும் என்கிறார்கள். உங்களுக்கு எளிதாக இருக்க எல்லா விவரங்களையும் ஒரு தாளில் கொண்டு வந்திருக்கிறேன். இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

திட்டப்பணியில் என்ன செய்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். "சிறப்பாகச் செய்தேன்" வேண்டாம். எது தவறிப் போனது, அன்று என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நீரோட்டம்

குறைந்த செலவுச் சென்சார் ஒன்றைக் கொண்டு நீரின் கலங்கல் தன்மையைத் தொடர்ந்து அளப்பதுதான் திட்டம். மூன்று பேர், நான்கு மாதங்கள். முதல் இரண்டு வாரம் அளவுகள் தாறுமாறாக ஏறி இறங்கின. சென்சாரே சரியில்லை, வேறு வாங்குவோம் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். அளவு ஏறிய நேரங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மோட்டார் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில்தான் ஏறுகிறது என்று மூன்றாம் நாள் தெரிந்தது. குழாயில் காற்றுக் குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. குமிழும் மண் துகளைப் போலவே ஒளியைச் சிதறடிக்கும், சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. சென்சாருக்கு முன்னால் குமிழ்கள் மேலே ஏறி வெளியேற ஒரு சிறிய அறை வைத்தோம். பிறகு கலங்கல் அளவு முன்பே தெரிந்த ஃபார்மசின் கரைசல் கொண்டு மூன்று புள்ளிகளில் மறுபடி அளவுத்திருத்தம் செய்தோம். ஆய்வகக் கருவியின் அளவோடு அதன் பின் நன்றாகவே பொருந்தியது. ஐயா அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட ஒரு நகல் கேட்டார்.

பழைய பேனா

இவ்வளவையும் வைத்துக்கொண்டா "கடின உழைப்பாளி" என்று எழுதினீர்கள்!

உங்கள் பேராசிரியர் எழுதக்கூடிய பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: "அளவுகள் நிலையில்லாமல் இருந்தபோது குழுவில் இருவர் கருவியை மாற்ற விரும்பினார்கள். இவர் காரணம் தெரியாமல் மாற்ற வேண்டாம் என்று, மூன்று நாட்கள் அளவுகளையும் மோட்டார் ஓடிய நேரத்தையும் அருகருகே பதிந்து, குமிழ்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அந்தக் குறிப்பேட்டை இப்போது அடுத்த அணிக்கு மாதிரியாகத் தருகிறேன்." மூன்றே வாக்கியங்கள். பொறுமை, நேர்மை, பகுத்தறிவு என்ற சொற்கள் எதுவும் இல்லை, மூன்றும் தெரிகின்றன. கடைசி வாக்கியம் அவர் மட்டுமே சொல்லக்கூடியது, அதனால்தான் அதற்கு அவ்வளவு எடை.

இதைக் கடிதமாக எழுதிக் கொடுக்காதீர்கள். குறிப்புத் தாளில் நிகழ்வாக மட்டும் எழுதுங்கள்: எந்த மாதம், எது தவறியது, என்ன செய்தீர்கள், என்ன ஆனது. அப்படி இரண்டு நிகழ்வுகள் போதும். மேலே உங்கள் பெயர், அவரிடம் எந்தப் பாடங்கள் படித்தீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. பிறகு இந்தப் படிப்பு என்ன மாதிரியான மாணவரைத் தேடுகிறது என்று அவர்கள் இணையதளத்தில் இருந்து இரண்டு மூன்று வரிகள். எராஸ்மஸ் முண்டஸில் ஒவ்வொரு படிப்பையும் நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு தன் விதிகளைத் தானே வைக்கிறது, நேரடியாக அவர்களிடமே விண்ணப்பிக்கிறோம். ஆகவே பக்கத்துப் படிப்பின் விதியைப் படித்துவிட்டு இதற்கும் அதுவே என்று நினைத்துவிடாதீர்கள்.

தாளின் கடைசியில் ஒரு வெற்றிடம் விடுங்கள். "மற்ற மாணவர்களோடு ஒப்பீடு" என்று தலைப்பிட்டு அதற்குக் கீழே எதுவும் எழுதாதீர்கள். அந்த மதிப்பீடு அவருடையது. அதை நீங்கள் நிரப்பினால்தான் கோட்டைத் தாண்டுகிறீர்கள்.

தாமரைக்குளம்

நடைமுறையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். என் இரண்டாவது பரிந்துரையாளர் மிக நல்லவர், நல்ல கடிதமும் எழுதி வைத்திருந்தார். விண்ணப்பத் தளம் அவருக்குத் தானாக மின்னஞ்சல் அனுப்பும், அந்த இணைப்பில் அவர் பதிவேற்ற வேண்டும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போய்விட்டது. நான் அனுப்பியாகிவிட்டது என்று நினைத்தேன், அவர் இன்னும் வரவில்லை என்று நினைத்தார். இருவரும் மரியாதைக்காக ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. கடைசி நாள் இரவு தெரிந்தது. கடைசி நேரம் மத்திய ஐரோப்பிய நேரப்படி நள்ளிரவு, அதையும் நான் தவறாகக் கணக்கிட்டிருந்தேன். கடிதம் நாற்பது நிமிடம் தாமதமாகச் சேர்ந்தது, விண்ணப்பம் முழுமையற்றது என்று தள்ளிவிட்டார்கள். ஓராண்டு போயிற்று.

நீரோட்டம், தளத்தில் கடிதத்தின் நிலையைக் காட்டும் இடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சில தளங்கள் நீங்கள் பரிந்துரையாளரின் பெயரைச் சேமித்தவுடன் மின்னஞ்சல் அனுப்பும். சில, விண்ணப்பத்தை முழுதாகச் சமர்ப்பித்த பிறகுதான் அனுப்பும். இரண்டாவது வகை என்றால் நீங்கள் கடைசி நாளில் சமர்ப்பிக்கவே முடியாது.

பழைய பேனா

தாமரை, மிகவும் வருத்தமாக இருக்கிறது. நான் குழுவில் இருந்தபோது இப்படித் தள்ளப்பட்ட நல்ல கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்று சேர்க்கிறேன்: பரிந்துரையாளரின் நிறுவன மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். சொந்த ஜிமெயில் முகவரியை ஏற்காத தளங்கள் உண்டு.

இரட்டைவரி

நான் வேறு துறை, கணினி. என்னிடம் பதினான்கு ஹேக்கத்தான் சான்றிதழ்கள் இருக்கின்றன, மூன்றில் பரிசு. இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று உறைக்கிறது. இந்தப் பதினான்கிலும் எனக்குக் கடிதம் எழுதக்கூடிய ஒரு மனிதர்கூட இல்லை. நடுவர்கள் என்னை ஐந்து நிமிடம் பார்த்தார்கள். இவற்றுக்கு மதிப்பே இல்லையா?

பழைய பேனா

மதிப்பு இருக்கிறது, ஆனால் அது சுயவிவரத்தில் ஒரு வரியோடு முடிகிறது. பதினான்காவது சான்றிதழ் பதின்மூன்றாவது சொல்லாத எதையும் சொல்லாது. இனி எதில் சேரலாம் என்று தேடும்போது பரிசுத்தொகைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் என் வேலையை வாரக்கணக்கில் கூடவே பார்க்கப்போகிறவர் யார்?

ஐ.சி.பி.சி. நிரலாக்கப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். போட்டி ஒரு நாள்தான், ஆனால் பயிற்சியாளர் மாதக்கணக்கில் உங்களைப் பார்க்கிறார். கணினி ஒன்றே என்பதால் யார் விட்டுக்கொடுத்தார்கள், தப்பான தீர்வைப் பிடித்துக்கொண்டு யார் அடம்பிடித்தார்கள், யார் தாளில் நண்பனின் பிழையைக் கண்டுபிடித்தார்கள் என்று அவருக்குத் தெரியும். மண்டலச் சுற்றில் தோற்றாலும் அவரால் ஒரு நல்ல கடிதம் எழுத முடியும்.

கரைவழி

இரட்டைவரிக்கு: திறந்த மூல மென்பொருள் அமைப்புகளுக்கு நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தைப் பாருங்கள். 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவர்கள் மட்டும் என்ற விதி இல்லை, 18 வயது நிரம்பிய புதியவர்கள் சேரலாம். நான் அதில் ஒரு கோடையை முடித்தவன். வழக்கமாகப் பன்னிரண்டு வாரம், ஒரு வழிகாட்டி உங்கள் நிரலை வரிவரியாகப் படிப்பார், நடுவிலும் முடிவிலும் மதிப்பீடு எழுதுவார். எனக்குப் பின்னால் கிடைத்த ஃபெலோஷிப்புக்குக் கடிதம் கொடுத்தவர் அவர்தான். நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை.

ஆனால் முன்மொழிவை அனுப்பும் மார்ச் கடைசியில் போய்க் கதவைத் தட்டினால் பயனில்லை. பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரியில் வரும். பழைய ஆண்டுகளின் பட்டியல் திறந்தே இருக்கிறது, திரும்பத் திரும்ப வரும் அமைப்புகள் அதிலேயே தெரியும். நான் நவம்பரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் நிறுவல் குறிப்பில் இருந்த ஒரு பிழையைத் திருத்தினேன், பிறகு ஒரு சிறிய சோதனை நிரல், பிறகு ஒரு உண்மையான வழு. மூன்றாவதற்கு ஐந்து முறை திருத்தச் சொன்னார்கள். அந்த ஐந்து முறையும் பொறுமையாகத் திருத்தியதைத்தான் வழிகாட்டி பின்னர் கடிதத்தில் எழுதினார் என்று அவரே சொன்னார்.

முனைவன்77

எல்லாம் சரி. ஆனால் இப்படி வழிகாட்டி கிடைக்காத மாணவர்கள்? அறுபது பேர் வகுப்பில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அவர்கள் எழுதிக் கையெழுத்து வாங்குவதைத் தவறென்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாமா?

பழைய பேனா

இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. இரண்டு பருவம் முன்பே தொடங்கினால் வழி உண்டு. ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் தரவைச் சுத்தம் செய்யும் வேலையாவது கேட்டு வாங்கி, மூன்று மாதம் விடாமல் செய்வது. ஆனால் கடைசித் தேதிக்கு ஐந்து வாரத்தில் வந்து கேட்பவருக்கு அது உதவாது. அவருக்கும் குறிப்புத் தாளைத்தான் சொல்வேன். ஒரு பாடத்தின் சிறு கட்டுரை, ஒரு ஆய்வகப் பதிவேடு, வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி என்று ஆசிரியர் பார்த்த எதையாவது அவருக்கு நினைவூட்டலாம். கடிதம் மெலிந்துதான் இருக்கும், ஆனால் உண்மையாக இருக்கும்.

முனைவன்77

மெலிந்த உண்மையைவிடக் கொழுத்த கடிதம் வைத்தவன் இடத்தைப் பிடித்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன், அம்மா. இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தாமரைக்குளம்

இரண்டாவது கடிதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நீரோட்டம், எங்காவது பயிற்சிக்குப் போனீர்களா? துறைத் தலைவரைவிட அந்த மேற்பார்வையாளர் நல்லது. ஒன்று கல்வித் தரப்பில் இருந்தும் மற்றது வேலைத் தரப்பில் இருந்தும் வந்தால் ஒரே கதையை இருவர் சொல்வது போல இருக்காது. ஆனால் இரண்டும் ஆசிரியர்களிடம் இருந்தே வர வேண்டும் என்று விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்டத்துக்குத் திட்டம் கடிதத்தின் நோக்கமும் மாறும். கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகையில் படிப்புக்கான கல்விக் கடிதங்கள் தனி, உதவித்தொகைக்கென்று இன்னொரு கடிதம் தனி. பிறர் வாழ்வை மேம்படுத்தும் ஈடுபாடு, தலைமைப் பண்பு போன்றவற்றை அதில் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அரசின் சிவ்னிங் உதவித்தொகையில் நேர்காணலுக்குத் தேர்வானவர்களிடம்தான் இரண்டு பரிந்துரைகள் கேட்கிறார்கள்.

நீரோட்டம்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். குறிப்புத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். ஐயா முதலில் "இதையே கடிதமாக அடித்திருக்கலாமே" என்றார். பிறகு படித்துக்கொண்டே வந்தவர் குமிழ் விஷயத்தில் நிறுத்தி, "அது மூன்று நாள் இல்லை, நான்கு நாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாய், காவலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்" என்றார். எனக்கே மறந்துபோன ஒன்று. அன்று மாலையே எழுதிவிட்டார். எனக்குக் காட்டவில்லை. ஒப்பீட்டு இடத்தைத் தானே நிரப்பியதாகவும், என் குறையையும் ஒரு வரி எழுதியதாகவும் சொன்னார்: குழுவில் வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் தானே செய்துவிடுகிறேனாம். அது உண்மைதான். அது என்னைக் கெடுத்துவிடுமோ என்று இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

இரண்டாவது கடிதம்: விதியைப் படித்தேன், ஒன்று வேலைத் தரப்பில் இருந்து வரலாம். நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆறு வாரப் பயிற்சியில் என்னைப் பார்த்த பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டார், இன்னும் எழுதவில்லை.

பழைய பேனா

காட்டாததே நல்லது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, கடிதத்தைப் பின்னாளில் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்றே கேட்பார்கள். மாணவர் பதிவுகள் பற்றிய 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தால் வந்த கேள்வி அது. விட்டுக்கொடுத்தால்தான் படிப்பவர் அந்தக் கடிதத்தை நம்புவார்.

குறை பற்றி: நான் படித்த கடிதங்களில் ஒரு சிறிய, உண்மையான குறை சொன்னவை மற்ற வரிகளையும் நம்ப வைத்தன. என் குழுவில் இருந்த இன்னொருவர் குறை என்று பார்த்தாலே மதிப்பெண்ணைக் குறைப்பார். உங்கள் கோப்பு யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. நேர்காணல் வந்தால் அந்தக் கேள்வி வரக்கூடும். குழுவில் வேலையைப் பிரித்துக் கொடுத்த ஒரு தருணத்தை இப்போதே நினைவில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

தாமரைக்குளம்

பொறியாளரிடம் கடைசித் தேதியை ஒரு வாரம் முன்னதாகவே சொல்லுங்கள். தளத்தின் மின்னஞ்சல் வந்ததா, ஸ்பாமில் பார்த்தாரா என்று நாளைக்கே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

நீரோட்டம்

இப்போதுதான் தொலைபேசியில் பேசினேன். ஸ்பாமில்தான் இருந்ததாம். திறந்துவிட்டார்.